ஆங்கிலத்தில் வழி சொல்லும்போது: டு, இன்டு, ஆன்டு, டுவர்ட்ஸ் எதை எங்கே போடுவது?

மதுரை ரயில் நிலையத்துக்கு வெளியே வெளியூர்ப் பயணி ஒருவர் நிற்கிறார். தமிழ் தெரியாது. மீனாட்சி அம்மன் கோயிலின் தெற்குக் கோபுர வாசலில் அவருடைய நண்பர் காத்திருக்கிறார். நம்மிடம் வழி கேட்கிறார். நமக்கு வழி கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குத் தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் இப்படி வெளியே வரும்:

"யூ கம் ஸ்ட்ரெய்ட் டு த வெஸ்ட் டவர், டர்ன் ரைட் சைடு, கோ டில் த கார்னர், கட் லெஃப்ட், என்டர் இன்டு த டெம்பிள்."

உள்ளூர்க்காரர் ஒருவருக்கு இது புரியும். அந்தப் பயணியோ மேற்குக் கோபுரத்துக்கே போய் அந்த வாசலிலேயே உள்ளே நுழைந்துவிட நிறைய வாய்ப்பு இருக்கிறது. அவர் மேல் தவறில்லை, நாம் சொன்னதே அதுதான். இந்த ஒரு வரியைச் சரிசெய்வதற்கு என்னென்ன தெரிய வேண்டுமோ அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த ப்ரிப்பொசிஷன் பட்டியல் இதற்கு அவ்வளவாக உதவாது. வழி சொல்லும்போது வாய் திறப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

முதல் கேள்வி: அங்கே போய்ச் சேர வேண்டுமா, அந்தப் பக்கம் போனால் போதுமா?

"கோயிலுக்குப் போங்க" என்பதும் "கோயில் பக்கமாப் போங்க" என்பதும் தமிழில் ஒன்றல்ல. முதலாவதில் கோயில்தான் போய்ச் சேரும் இடம். இரண்டாவதில் அது ஒரு அடையாளம், அவ்வளவுதான். ஆங்கிலத்திலும் இதே பிரிவு இருக்கிறது. "டு" என்றால் போய்ச் சேருவது. "டுவர்ட்ஸ்" என்றால் அந்தத் திசையில் நகர்வது. சேர்ந்தாரா இல்லையா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. வாக்கியத்தோடு "ஆனால் போய்ச் சேருவதற்குள் திரும்பிவிட்டோம்" என்று ஒட்டிப் பாருங்கள். "வீ வாக்ட் டுவர்ட்ஸ் த ரிவர், பட் டர்ன்ட் பேக் பிஃபோர் வீ காட் தேர்" என்பது இயல்பாக நிற்கிறது. அதே இடத்தில் "வீ வாக்ட் டு த ரிவர்" என்று சொல்லிவிட்டால் ஆற்றங்கரைக்குப் போய்விட்டோம் என்று ஆகிவிடும். பின்பாதி முன்பாதியோடு முட்டும்.

தமிழில் இவ்வளவு தெளிவாகப் பிரித்துப் பேசுகிற நாம் ஆங்கிலத்துக்கு வந்ததும் எல்லாவற்றுக்கும் "டு" போட்டுவிடுகிறோம். வழி சொல்லும்போது இதுதான் ஆளை அதிகம் அலைய வைக்கும் தவறு. தூரத்திலிருந்தே கண்ணில் படுகிற கோபுரம், தண்ணீர்த் தொட்டி, மேம்பாலம் போன்றவற்றை நாம் பெரும்பாலும் திசை காட்டுவதற்குத்தான் சொல்கிறோம். அங்கெல்லாம் "டுவர்ட்ஸ்" வர வேண்டும். எந்த இடத்தில் நின்று திரும்ப வேண்டுமோ, அந்த இடத்துக்கு மட்டும் "டு". மேப் செயலிகள் ஆங்கிலத்தில் வழி சொல்லத் தொடங்கும் விதத்தைக் கவனியுங்கள்: "ஹெட் நார்த் டுவர்ட்" என்று சொல்லி ஒரு தெருப் பெயரைச் சொல்லும். அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அர்த்தமில்லை. எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி நடக்கத் தொடங்குவது என்பதற்குத்தான் அந்தப் பெயர்.

கடைசியில் "ஸ்" வேண்டுமா என்று பலர் குழம்புகிறார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் "டுவர்ட்" என்பார்கள், பிரிட்டிஷ் வழக்கில் "டுவர்ட்ஸ்". பொருளில் வித்தியாசமே இல்லை.

இரண்டாவது கேள்வி: போய்ச் சேரும் இடம் ஒரு புள்ளியா, உள்ளிடமா, மேற்பரப்பா?

சேர வேண்டும் என்று முடிவான பிறகுதான் இந்தக் கேள்வி. சிக்னல், முனை, பஸ் ஸ்டாப், ஒரு ஊர், ஒரு கடை, இவற்றை வெறும் புள்ளியாக நினைத்தால் "டு" போதும். வெளியிலிருந்து உள்ளே போவதைச் சொல்ல வேண்டுமானால் "இன்டு". ஒரு பரப்பின் மேல் போய் நிற்பதானால் "ஆன்டு". "கோ டு த பேங்க்" என்றால் பேங்க் வரை போங்கள், உள்ளே போவதும் வாசலில் நிற்பதும் உங்கள் விருப்பம். "கோ இன்டு த பேங்க்" என்றால் கதவைத் தாண்டி உள்ளே போங்கள். நடைமேடையிலிருந்து ரயில் பாதையில் ஒரு பை விழுந்தால் "த பேக் ஃபெல் ஆன்டு த ட்ராக்".

சரி, இவ்வளவு எளிதாக இருக்கும்போது நாம் ஏன் தடுமாறுகிறோம்? காரணம் நம்முடைய "இல்" உருபு. "குளத்தில் நீந்தினான்", "குளத்தில் குதித்தான்" இரண்டுக்கும் தமிழில் ஒரே "இல்"தான். அவன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறானா, வெளியிலிருந்து உள்ளே போகிறானா என்பதை வினைச்சொல்லே காட்டிவிடுவதால் உருபு மாற வேண்டிய தேவை நமக்கு இல்லை. ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பல இடங்களில் ப்ரிப்பொசிஷன்தான் செய்கிறது. "ஹீ வாக்ட் இன் த பார்க்" என்றால் பூங்காவுக்குள் உலாவிக்கொண்டிருந்தான். "ஹீ வாக்ட் இன்டு த பார்க்" என்றால் வெளியிலிருந்து உள்ளே போனான். இரண்டிலும் "வாக்ட்" அப்படியே இருக்கிறது; வித்தியாசம் முழுக்க அந்த "டு"வில்தான் இருக்கிறது.

எல்லா வினைகளுக்கும் இவ்வளவு கறார் கிடையாது. வை, போடு, விழு போன்றவற்றோடு "இன்", "ஆன்" என்று சொன்னாலும் குழப்பம் வராது. "புட் இட் இன் த பேக்" என்பது முழுக்கச் சரியான ஆங்கிலம். நட, ஓடு, ஓட்டு, குதி போன்ற வினைகளில்தான் கவனம் தேவை. ஏனென்றால் இவற்றை ஓர் இடத்துக்கு உள்ளேயே இருந்துகொண்டும் செய்யலாம், வெளியிலிருந்து உள்ளே போகும்போதும் செய்யலாம்.

"இன்டு"வில் இன்னொரு பொறி இருக்கிறது. "கேட்டுக்குள்ள வாங்க" என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். இதை அப்படியே "ட்ரைவ் இன்டு த கேட்" என்று மாற்றினால், காரைக் கொண்டுபோய் கேட்டில் மோதச் சொன்னதாகத்தான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். உள்ளிடம் இல்லாத பொருளோடு "இன்டு" வந்தால் ஆங்கிலத்தில் அதற்கு மோதல் என்று பொருள்: "ஹீ வாக்ட் இன்டு எ லாம்ப் போஸ்ட்" என்றால் விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொண்டான். கேட், வளைவு, கோபுர வாசல் எல்லாம் நாம் கடந்து போகும் திறப்புகள், அவற்றுக்கு "த்ரூ". "ட்ரைவ் த்ரூ த கேட், இன்டு த காம்பவுண்ட்" என்று சொன்னால் கேட்டும் பிழைக்கும், காரும் பிழைக்கும்.

தெருவுக்குள் திரும்புவது

ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குத் திரும்பும்போது "இன்டு"வா "ஆன்டு"வா என்ற கேள்வி அடிக்கடி வரும். பிரிட்டிஷ் வழக்கில் "டர்ன் லெஃப்ட் இன்டு சவுத் சித்திரை ஸ்ட்ரீட்" என்று சொல்வது வழக்கம். அமெரிக்கர்கள் அங்கே "ஆன்டு" என்பார்கள். மேப் செயலிகளிலும் பெரும்பாலும் அதுதான் கேட்கும். இரண்டும் சரி. என்னைக் கேட்டால், இருபக்கமும் வீடுகள் நெருங்கி நிற்கும் சந்துக்கு "இன்டு"வும், அகலமான நெடுஞ்சாலைக்கு "ஆன்டு"வும் காதுக்குப் பொருத்தமாக இருக்கின்றன. "டர்ன் டு சவுத் சித்திரை ஸ்ட்ரீட்" என்று வெறும் "டு" போடுவதுதான் தவறு. தெருப் பக்கம் முகத்தைத் திருப்பச் சொன்னது போல அது பாதியில் நின்றுவிடும்.

எழுத்தில் வழி அனுப்பும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். "ஆன்டு" ஒரே சொல்லாக இருப்பது வேறு, "ஆன்", "டு" என்று இரண்டாகப் பிரிந்து வருவது வேறு. "கோ ஆன் டு த நெக்ஸ்ட் சிக்னல்" என்பதில் "கோ ஆன்" என்றால் தொடர்ந்து போ. அப்புறம் "டு" வந்து எதுவரை என்பதைச் சொல்கிறது. இதைச் சேர்த்து எழுதினால் சிக்னலின் மேல் ஏறச் சொன்னது போல் ஆகும். ஒன்றின் மேலோ, ஒரு சாலையின் மேலோ போய்ச் சேருகிற பொருள் இருந்தால் மட்டும் சேர்த்து எழுதுங்கள்.

ஏறுவதும் இறங்குவதும்

தமிழில் பஸ், கார், ஆட்டோ, ரயில் எல்லாவற்றிலும் "ஏறு", "இறங்கு"தான். ஆங்கிலம் வண்டிகளை இரண்டாகப் பிரிக்கிறது. எழுந்து நின்று நடமாட முடிகிற பஸ், ரயில், விமானம், கப்பல் ஆகியவற்றுக்கு "கெட் ஆன்", "கெட் ஆஃப்". உட்கார மட்டும் முடிகிற கார், ஆட்டோ, டாக்ஸிக்கு "கெட் இன்டு", "கெட் அவுட் ஆஃப்". சைக்கிள், மோட்டார் சைக்கிள் போல மேலே உட்கார்ந்து ஓட்டுபவை பஸ்ஸோடு சேர்ந்துகொள்ளும்.

"கெட் டவுன் அட் பெரியார் பஸ் ஸ்டாண்ட்" என்பது இந்தியா முழுக்கப் புழங்கும் ஆங்கிலம், இங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் இந்தியாவுக்கு வெளியே வளர்ந்தவருக்கு "கெட் டவுன்" என்றால் குனி, தரையோடு படு என்றுதான் முதலில் தோன்றும். "கெட் ஆஃப் அட் பெரியார் பஸ் ஸ்டாண்ட்" என்றால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்.

எதுவுமே போடக் கூடாத இடங்கள்

"க்கு" கேட்டாலே "டு" போடும் பழக்கத்தால் வரும் தவறுகள் இவை. "வீட்டுக்குப் போ" என்பது "கோ ஹோம்". ஹோம், ஹியர், தேர், அப்ஸ்டேர்ஸ் போன்ற சொற்களில் திசை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அதனால் "டு" சேராது. "கோ டு யுவர் ஹவுஸ்" என்று சொன்னால் மட்டும் "டு" வேண்டும், ஏனென்றால் ஹவுஸ் வெறும் கட்டடத்தின் பெயர். இதேபோல ரீச், என்டர், அப்ரோச், க்ராஸ் ஆகிய வினைகள் இடத்தை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும். "ரீச் த கார்னர்" என்பதே சரி, "ரீச் டு த கார்னர்" இல்லை. "என்டர் த டெம்பிள்" என்றாலே உள்ளே என்பது வந்துவிட்டது. இடத்தைப் பற்றிப் பேசும்போது "என்டர் இன்டு" வராது. ஒப்பந்தத்தில் இறங்குவது போன்ற இடங்களுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

"வலது பக்கம் திரும்புங்க" என்பதற்கு "டர்ன் ரைட்" போதும். "டர்ன் ரைட் சைடு" என்று "பக்கம்" என்பதையும் கொண்டுவர வேண்டாம். "லெஃப்ட்ல கட் பண்ணுங்க" என்பது நம் ஆட்டோக்காரர்களிடம் அழகாக எடுபடும். வெளியாளிடம் "கட் லெஃப்ட்" என்றால் விழிப்பார். அதேபோல "சிக்னலில் திரும்பு" என்பதில் உள்ள "இல்"லைப் பார்த்து "இன் த சிக்னல்" என்று சொல்லிவிடக் கூடாது. திரும்பும் புள்ளி என்பதால் "அட் த சிக்னல்".

வரைக்கும், தாண்டி, வாங்க

இந்த மூன்று தமிழ்ச் சொற்களும் வழி சொல்லும்போது தவறாமல் வரும், மூன்றும் தவறாமல் சறுக்க வைக்கும்.

"முனை வரைக்கும்" என்பதை "டில் த கார்னர்" என்கிறோம். பொதுவான ஆங்கிலத்தில் "டில்" நேரத்துக்கு உரியது: ஆறு மணி வரைக்கும், திங்கட்கிழமை வரைக்கும். இடத்துக்கு "அப் டு த கார்னர்" அல்லது "ஆஸ் ஃபார் ஆஸ் த கார்னர்". "டில்"லை விட மனமில்லை என்றால் பின்னால் ஒரு வினையைச் சேர்த்துவிடுங்கள்: "வாக் அன்டில் யூ ரீச் த கார்னர்". இப்போது அது நீங்கள் போய்ச் சேரும் நேரத்தைக் குறிப்பதால் சரியாகிவிடுகிறது.

"தாண்டி" இன்னும் ஆபத்தானது. "ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போங்க" என்பதை "க்ராஸ் த ஹாஸ்பிட்டல்" என்று சொல்கிறோம். க்ராஸ் என்றால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே போவது. சாலை, ஆறு, பாலம், ரயில் பாதை இவற்றைத்தான் க்ராஸ் செய்ய முடியும். ஆஸ்பத்திரியை ஒட்டி முன்னே போக வேண்டுமானால் "கோ பாஸ்ட் த ஹாஸ்பிட்டல்". பாஸ்ட் பழகாதவர்கள் "யூ வில் பாஸ் த ஹாஸ்பிட்டல்" என்று சொல்லலாம், அதுவும் சரி.

"வாங்க" விஷயம் இடத்தைப் பொறுத்தது. தமிழில் வழி சொல்பவர் மனத்தால் முன்னே போய் நின்றுகொண்டு "நேரா வந்தீங்கன்னா ஒரு டீக்கடை வரும்" என்பார். ஆங்கிலத்தில் "கம்" என்றால் பேசுபவர் இருக்கும் இடம் நோக்கி வருவது. நீங்கள் கோயில் வாசலில் நின்றுகொண்டு போனில் வழி சொன்னால் "கம்" பொருத்தம். இரண்டு பேரும் ரயில் நிலையத்தில் நிற்கும்போது "கம் ஸ்ட்ரெய்ட்" என்றால், நீங்களும் கூட வருகிறீர்கள் என்று அவர் நினைக்க இடமுண்டு. அங்கே "கோ ஸ்ட்ரெய்ட்".

இப்போது மதுரை வழியைச் சரிசெய்வோம்

நடந்துபோகிற வழியை முதலில் மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மேல வெளி வீதி. அதைக் கடந்து டவுன்ஹால் ரோடு வழியாகக் கிழக்கே, மேற்குக் கோபுரம் இருக்கும் பக்கமாக நடக்க வேண்டும். மதுரையில் கோயிலைச் சுற்றி வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி என்று வெளியிலிருந்து உள்ளாக வீதிகள் அமைந்திருக்கின்றன. ஆகவே வழியில் மேல மாசி வீதியும் மேல ஆவணி மூல வீதியும் குறுக்கிடும். மேலச் சித்திரை வீதியை அடைந்ததும் மேற்குக் கோபுரத்தில் நுழையாமல் வலது பக்கம் திரும்பி, மதிலை ஒட்டி முனை வரை போய், இடது பக்கம் தெற்குச் சித்திரை வீதிக்குத் திரும்ப வேண்டும். தெற்குக் கோபுரம் இடது கைப் பக்கம்.

ஆங்கிலத்தில்:

"கோ அவுட் ஆஃப் த ஸ்டேஷன் அண்ட் க்ராஸ் வெஸ்ட் வெளி ஸ்ட்ரீட். வாக் அலாங் டவுன்ஹால் ரோட், டுவர்ட்ஸ் த வெஸ்ட் டவர் ஆஃப் த டெம்பிள். யூ வில் க்ராஸ் வெஸ்ட் மாசி ஸ்ட்ரீட் அண்ட் வெஸ்ட் ஆவணி மூல ஸ்ட்ரீட். வென் யூ கெட் டு வெஸ்ட் சித்திரை ஸ்ட்ரீட், டோன்ட் கோ இன்டு த டெம்பிள். டர்ன் ரைட், அண்ட் வாக் அலாங் த டெம்பிள் வால் அப் டு த கார்னர். டர்ன் லெஃப்ட் இன்டு சவுத் சித்திரை ஸ்ட்ரீட். த சவுத் டவர் இஸ் ஆன் யுவர் லெஃப்ட். கோ இன் த்ரூ தட் டவர்."

முதலில் சொன்ன ஒற்றை வரியை விட இது நீளம்தான். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஓரிரு நகர்வுகள்தான் இருக்கின்றன, கேட்பவர் விரல் விட்டு எண்ணிக்கொள்ளலாம். இதில் "டுவர்ட்ஸ்" ஒரே ஒரு முறைதான் வருகிறது, அதுதான் பெரிய வேலையைச் செய்கிறது. அங்கே "டு" போட்டிருந்தால், பின்னால் வரும் "டோன்ட் கோ இன்டு" என்ற எச்சரிக்கை பயணியைக் குழப்பியிருக்கும்: போகச் சொன்னது அந்தக் கோபுரத்துக்குத்தானே, பிறகு ஏன் போகாதே என்கிறார்?

கடைசிக்கு முந்தைய வாக்கியத்தில் "ஆன் யுவர் லெஃப்ட்" என்று இருப்பதையும் கவனியுங்கள். கோபுரம் நகரவில்லை, அது இருக்கும் இடத்தைச் சொல்கிறோம், அதனால் "ஆன்". "யுவர்" வேண்டும், ஏனென்றால் நாம் அவருக்கு எதிரே நின்று பேசினால் நம் இடது கை அவருக்கு வலது கை. "டு த லெஃப்ட் ஆஃப் த டவர்" என்பது வேறு: கோபுரத்துக்கு இடப்புறம் இருக்கும் இன்னொன்றைக் காட்டுவது அது. கோபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள செருப்பு வைக்கும் இடத்தைக் காட்ட வேண்டுமானால் அதைப் பயன்படுத்துங்கள், கோபுரத்தையே காட்டுவதற்கு அது வேண்டாம்.